இரண்டு பேருக்கு ஒரே அட்டை வராமல் இருக்க

1929 டிசம்பர். எட்வின் லோ என்ற நியூயார்க் பொம்மை வியாபாரி, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பொருட்காட்சிக் கூடாரத்தின் முன் நின்றுவிட்டார். உள்ளே ஒருவர் எண் எழுதிய சில்லுகளைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சுற்றி உட்கார்ந்தவர்கள் தங்கள் அட்டையில் அந்த எண் இருந்தால் அதன்மேல் காய்ந்த பீன்ஸ் விதை ஒன்றை வைத்தார்கள். ஒரு வரிசை நிரம்பியவர் கத்தினார், பரிசு வாங்கினார். இரவு வெகுநேரம் ஆகியும் யாரும் எழுந்து போகவில்லை. ஊர் திரும்பிய லோ அந்த ஆட்டத்தைப் பெட்டியில் போட்டு விற்க ஆரம்பித்தார். 12 அட்டை உள்ள பெட்டி ஒரு டாலர், 24 அட்டை உள்ளது இரண்டு டாலர். பிங்கோ அப்படித்தான் கடைக்கு வந்தது.

சிக்கலும் சீக்கிரமே வந்தது. பென்சில்வேனியாவில் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் தேவாலயத்துக்கு நிதி திரட்ட இந்த ஆட்டத்தை வைத்தாராம். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் எழுந்து ஜெயித்தோம் என்றார்கள். இருந்ததே 24 வகை அட்டை. கூட்டம் பெரிதாக இருந்தால் பல பெட்டிகள் வாங்க வேண்டும், எல்லாப் பெட்டியிலும் அதே 24. ஒரே அட்டை பல கைகளில் இருக்கும்போது ஒருவர் ஜெயித்தால் அத்தனை பேரும் ஜெயித்தாக வேண்டும். பரிசுக்கு ஒதுக்கிய பணம் கரைந்துவிடும்.

லோ, கொலம்பியா பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் கார்ல் லெஃப்ளரிடம் போனார். எண் கூட்டங்கள் திரும்ப வராத 6,000 அட்டைகள் வேண்டும் என்று கேட்டார். வேலை போகப் போகக் கடினமாகி, கடைசி அட்டைகளுக்கு ஒன்றுக்கு 100 டாலர் வரை கூலி ஏறியதாகவும், முடித்தபோது பேராசிரியருக்கு மனம் பேதலித்துவிட்டதாகவும் கதை சொல்வார்கள். கடைசிப் பகுதியை நான் நம்பத் தயாராக இல்லை. ஆனால் வேலை போகப் போகக் கடினமாகியது என்பதில் உண்மை இருக்க வேண்டும். ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம். இன்று ஒரு சாதாரண மடிக்கணினி கண் இமைப்பதற்குள் 6,000 அட்டை போட்டுவிடுகிறது. நிரல் எழுதப் பழகுகிற மாணவர்களுக்கு இது வழக்கமான பயிற்சிக் கணக்கும்கூட. எளிதாகத் தெரிகிற இந்தக் கணக்கில், ஓடுகிற நிரலை எழுதிவிட்டுத் தவறான அட்டையை அச்சடிக்கிறவர்கள் நிறைய.

முதலில் அட்டையின் விதி. அமெரிக்க பிங்கோ அட்டையில் ஐந்துக்கு ஐந்து, மொத்தம் 25 கட்டங்கள். எண்கள் 1 முதல் 75 வரை. ஐந்து நெடுவரிசைகளின் தலையிலும் பி, ஐ, என், ஜி, ஓ என்ற ஐந்து எழுத்துகள். பி வரிசையில் 1 முதல் 15 வரையிலான எண்கள் மட்டுமே வரலாம். ஐ வரிசையில் 16 முதல் 30, என் வரிசையில் 31 முதல் 45, ஜி வரிசையில் 46 முதல் 60, ஓ வரிசையில் 61 முதல் 75. நட்ட நடுக் கட்டம் இலவசம், அதில் எண் கிடையாது. ஆகவே என் வரிசையில் நான்கு எண்கள்தான், மற்ற நான்கிலும் ஐந்தைந்து. ஓர் எண் ஓர் அட்டையில் ஒரு முறைக்கு மேல் வரக்கூடாது. எண்ணைக் கூப்பிடுபவர் எழுத்தையும் சேர்த்துச் சொல்வதால், ஆடுபவர் 24 எண்களையும் தேடாமல் ஒரு நெடுவரிசையை மட்டும் பார்த்தால் போதும். எல்லைகள் இருப்பதன் பயன் அதுதான்.

நம்மூர் கிளப்புகளில் ஆடுகிற தம்போலா வேறு வகை. அதில் 90 எண்கள், மூன்று கிடைவரிசை, ஒன்பது நெடுவரிசை, நடுவே வெற்றுக் கட்டங்கள். அந்த வெற்றிடங்களை எங்கே விடுவது என்பதே தனிக் கணக்கு. இங்கே 75 எண் அட்டையோடு நிற்கிறேன்.

புதிதாக எழுதுபவர் முதலில் செய்வது, ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் நெடுவரிசை எல்லைக்குள் ஏதோ ஓர் எண்ணைத் தற்செயலாக எடுத்து நிரப்புவது. திரையில் அட்டை சரியாகத்தான் தெரியும். உற்றுப் பார்த்தால் பி வரிசையில் 7 இரண்டு முறை இருக்கும். இது எப்போதோ நடக்கிற விபத்து என்று நினைக்க வேண்டாம். 15 எண்களிலிருந்து ஐந்து முறை தனித்தனியாக எடுத்தால், ஐந்தும் வெவ்வேறாக இருக்க வாய்ப்பு நூற்றுக்கு 47தான். அப்படி நான்கு நெடுவரிசைகளும், கூடவே என் வரிசையின் நான்கு எண்களும் ஒருசேரச் சரியாக அமைய வேண்டும். பெருக்கிப் பார்த்தால் நூறு அட்டையில் மூன்றுதான் தேறும்.

சரியான வழி குலுக்கல். 15 சீட்டுகளில் எண் எழுதிப் பானையில் போட்டுக் குலுக்கி, எடுத்ததைத் திரும்பப் போடாமல் ஐந்து எடுப்பது போல. பைத்தான் மொழியில் இதற்கு `sample` என்ற தயார்க் கட்டளை இருக்கிறது.

```python
import random
rng = random.SystemRandom()

RANGES = [(1, 15), (16, 30), (31, 45), (46, 60), (61, 75)]

def make_card():
    cols = [rng.sample(range(lo, hi + 1), 5) for lo, hi in RANGES]
    cols[2][2] = 0
    return cols
```

ஐந்து நெடுவரிசைக்கும் ஐந்தைந்து எண் எடுத்துவிட்டு, மூன்றாவது நெடுவரிசையின் நடுக் கட்டத்தை மட்டும் 0 ஆக்குகிறோம். கணினி 0 முதல் எண்ணுவதால் மூன்றாவது என்பது 2 என்று எழுதப்படுகிறது. அந்த 0 தான் இலவசக் கட்டம்.

இதில் `hi + 1` என்று இருப்பதைக் கவனிக்க வேண்டும். பைத்தானில் `range(1, 15)` என்றால் 1 முதல் 14 வரைதான், கடைசி எண் சேராது. கூட்டல் ஒன்றை மறந்தால் 15, 30, 45, 60, 75 ஆகிய ஐந்து எண்களும் எந்த அட்டையிலும் வராது. நிரல் முறைக்காது, பிழைச் செய்தி வராது, ஒவ்வொரு அட்டையும் விதிப்படி சரியாகவே இருக்கும். விழா மேடையில் 'ஓ 75' என்று கூப்பிடும்போது அரங்கில் ஒருவர்கூடத் தலை குனிந்து தேடிக் குறிக்காதபோதுதான் யாருக்காவது சந்தேகம் வரும்.

இந்த மாதிரிப் பிழையைக் கண்ணால் பிடிக்க முடியாது, எண்ணிப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். 3,000 அட்டைகள் போட்டு, ஒவ்வோர் எண்ணும் எத்தனை அட்டையில் வந்திருக்கிறது என்று கணக்கெடுங்கள். பி வரிசையில் 15 எண்ணில் 5 எடுக்கிறோம், அதாவது மூன்றில் ஒன்று. ஆக ஒவ்வோர் எண்ணும் ஏறத்தாழ 1,000 அட்டையில் இருக்க வேண்டும். என் வரிசையில் 15-க்கு 4 என்பதால் ஏறத்தாழ 800.

```python
from collections import Counter
c = Counter(n for card in cards for col in card for n in col)
print(c[1], c[15], c[31], c[0])
```

முதல் இரண்டும் 1,000-ஐ ஒட்டியும், மூன்றாவது 800-ஐ ஒட்டியும் இருக்கும். எழுபது எண்பது முன்னே பின்னே இருந்தால் அது தற்செயலின் இயல்பு. 15-க்கு 0 வந்தால் கூட்டல் ஒன்று விடுபட்டிருக்கிறது. கடைசி எண் இலவசக் கட்டங்களின் எண்ணிக்கை, அது மட்டும் அச்சுப் பிசகாமல் 3,000 என்றே இருக்க வேண்டும்.

விதிப்படி அட்டை வந்துவிட்டது. அடுத்தது ஒரே அட்டை இரண்டு முறை வராமல் பார்ப்பது. போட்ட அட்டைகளை எல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு, புதிதாக ஒன்று வரும்போது 'இது ஏற்கெனவே வந்ததா?' என்று கேட்டால் போயிற்று. ஆனால் எதை 'அதே அட்டை' என்று சொல்வது? இந்தக் கேள்விக்கு நிரல் எழுதுபவர்தான் பதில் சொல்ல வேண்டும், கணினி சொல்லாது.

ராணியின் அட்டையில் பி வரிசை மேலிருந்து கீழாக 3, 11, 7, 14, 2. செல்வத்தின் அட்டையில் அதே இடத்தில் 14, 2, 3, 7, 11. மற்ற நான்கு நெடுவரிசைகளிலும் இப்படியே, எண்கள் அவைதான், இருக்கும் இடம் மட்டும் வேறு. பார்த்தால் இரண்டு வெவ்வேறு அட்டை. ஒரு கிடைவரிசை நிரம்பினால் பரிசு என்ற ஆட்டத்தில் இவை வெவ்வேறு அட்டைகளேதான், ஏனென்றால் இருவரின் கிடைவரிசைகளிலும் வேறு வேறு எண்கள். ஆனால் முழு அட்டையும் நிரம்பினால் பரிசு என்று அறிவித்தால் இருவருக்கும் ஒரே எண்ணில் அட்டை நிரம்பும். தப்பவே முடியாது. பெரிய பரிசு பெரும்பாலும் அந்த முழு அட்டைக்குத்தான்.

எனவே ஒப்பிடுவதற்கு முன் ஒவ்வொரு நெடுவரிசையையும் ஏறுவரிசையில் அடுக்கி, ஒரு 'சாவி' செய்துகொள்வது நல்லது. இந்த அடுக்கல் சாவிக்கு மட்டும். அச்சுக்குப் போகிற அட்டையைத் தொடக்கூடாது.

```python
def key(card):
    return tuple(tuple(sorted(col)) for col in card)

def make_cards(n):
    seen, cards = set(), []
    while len(cards) < n:
        card = make_card()
        k = key(card)
        if k not in seen:
            seen.add(k)
            cards.append(card)
    return cards
```

சாவி வேறாக இருந்தால் அட்டை எந்த ஆட்டத்துக்கும் வேறுதான். இப்படிக் கண்டிப்பாக இருப்பதால் அட்டை தீர்ந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். இடத்தையும் கணக்கில் எடுத்தால் சாத்தியமான அட்டைகள் 27 இலக்க எண்ணாக நீள்கின்றன. இடத்தை மறந்து எண்களை மட்டும் பார்த்தால் 111,007,923,832,370,565. நம் கணக்கில் 1,110 கோடி கோடி. பத்து லட்சம் அட்டை போட்டாலும் தற்செயலாக ஒரு சாவி திரும்ப வர வாய்ப்பு லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே.

சாவி செய்வதில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. நடுக் கட்டத்தை 0 ஆக்குவதற்கு முன்பே சாவி எடுத்துவிட்டால், அச்சில் வராத அந்த மறைந்த எண்ணும் சாவியில் சேர்ந்துகொள்ளும். அச்சில் ஒன்றுபோலவே இருக்கிற இரண்டு அட்டைகளை நிரல் வெவ்வேறு என்று சாதிக்கும். இன்னொன்று மொழியைப் பொறுத்தது. பைத்தானில் `tuple` ஆக்காமல் பட்டியலை அப்படியே `set`-க்குள் போட முயன்றால் `TypeError: unhashable type: 'list'` என்று உடனே நிறுத்திவிடும், நல்லதாயிற்று. ஜாவாஸ்கிரிப்ட் அவ்வளவு கறாரானது அல்ல. அங்கே `Set`-க்குள் பட்டியலைப் போட்டால் ஏற்றுக்கொள்ளும். ஆனால் உள்ளே இருக்கும் எண்களை ஒப்பிடாது, இரண்டும் நினைவகத்தில் ஒரே பொருளா என்று மட்டும் பார்க்கும். ஒவ்வொரு முறையும் புதுப் பட்டியல்தானே, ஆகவே எதுவும் எப்போதும் 'ஏற்கெனவே வந்தது' ஆகாது. சோதனை இருக்கிறது, ஆனால் அது எதையும் சோதிக்கவில்லை. எண்களை `join(",")` என்று ஒரே சரமாக்கிப் போட்டால்தான் வேலை செய்யும்.

இயல்பாகத் திரும்ப வர வாய்ப்பே இல்லை என்றால், நடைமுறையில் இரட்டை அட்டைகள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் தற்செயல் எண் பிறக்கும் இடத்திலிருந்து. சாதாரணத் தற்செயல் எண்கள் உண்மையில் ஒரு சூத்திரத்தின் விளைவு. விதை எண் ஒன்றைக் கொடுத்தால் அதிலிருந்து ஒரு நீண்ட வரிசை கிளம்பும். அதே விதைக்கு எப்போதும் அதே வரிசை. பழைய பாடப் புத்தக வழக்கத்தில், கடிகார நேரத்தை வினாடிக் கணக்கில் விதையாகக் கொடுப்பார்கள். நிரலின் தொடக்கத்தில் ஒரு முறை கொடுத்தால் பரவாயில்லை. அந்த வரியை `make_card` உள்ளேயே எழுதிவிட்டால்தான் வேடிக்கை.

300 அட்டை கேட்கிறீர்கள். கணினி ஒரு வினாடிக்குள் ஆயிரக்கணக்கான அட்டை போடும். ஆனால் அந்த வினாடி முழுவதும் விதை ஒன்றே, அட்டையும் ஒன்றே. சாவிச் சோதனை இல்லாவிட்டால் 300-ம் ஒரே அட்டையாக வந்து நிற்கும், குறைந்தபட்சம் உடனே தெரிந்துவிடும். சோதனை இருந்தால் நோய் மறைந்துகொள்கிறது. வந்ததையே வந்ததாகத் தள்ளித் தள்ளி, கடிகாரம் அடுத்த வினாடிக்கு நகரும்போது ஒரு புது அட்டை கிடைக்கும். 300 அட்டைக்கு ஐந்து நிமிடம் ஆகும். கணினி பழசு, மெதுவாக ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அட்டைகள் வினாடிக்கு ஒன்றாகச் சீராக வந்தால் இந்தப் பிழைதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

இன்னொரு வகையில் ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு 32 பிட் விதை தற்செயலாகக் கொடுப்பார்கள். அட்டை எண்ணிலிருந்து அட்டையைத் திரும்ப உருவாக்கலாமே என்ற வசதிக்காக. 32 பிட்டில் அடங்குவது 4,294,967,296 விதைகள்தான். சாத்தியமான அட்டைகள் 1,110 கோடி கோடி இருந்தென்ன, இந்த வாசல் வழியாக வரக்கூடியவை 429 கோடிதான். அதுவே பெரிதல்லவா என்று தோன்றும். ஆனால் 77,000 அட்டைகளைத் தொட்டதும் எங்கேனும் ஒரு ஜோடி ஒன்றாக இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. காரணம், நாம் ஒப்பிடுவது அட்டைகளை அல்ல, ஜோடிகளை. 77,000 அட்டைக்குள் கிட்டத்தட்ட 300 கோடி ஜோடிகள் இருக்கின்றன. மேலே நான் `SystemRandom` எழுதியிருப்பது இதற்காகத்தான். அது விதையை எதிர்பார்ப்பதில்லை, இயங்குதளம் சேகரிக்கிற தற்செயலிலிருந்து எடுக்கிறது. பணம் வைத்து நடக்கிற ஆட்டத்தில் அடுத்த அட்டை என்ன என்பதை யாரும் முன்கூட்டியே கணிக்க முடியாது என்பதும் கூடுதல் பாதுகாப்பு.

இப்போது லெஃப்ளரின் சிரமத்துக்கு வருவோம். அட்டை முழுவதும் வேறாக இருந்தால் போதும் என்றால் 6,000 அட்டை ஒரு வேலையே அல்ல. கையால்கூடச் செய்துவிடலாம். அவரிடம் கேட்கப்பட்டது, திரும்ப வராத எண் கூட்டங்கள். அதை எவ்வளவு கறாராக எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து அது எளிதாகவும் இருக்கலாம், நடக்கவே முடியாததாகவும் இருக்கலாம்.

300 பேர் உட்கார்ந்திருக்கிற ஒரு மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு ஓர் அட்டை, எல்லாம் நம் நிரல் போட்டவை, ஒன்றுபோல ஒன்று இல்லை. 300 அட்டைக்குள் ஜோடிகள் 44,850. பி வரிசையில் 15-க்கு ஐந்து எடுக்கிற விதங்கள் 3,003 மட்டுமே. 44,850-ஐ 3,003-ஆல் வகுத்தால், பி வரிசையில் ஒரே ஐந்து எண்கள் உள்ள ஜோடிகள் சராசரியாக 15. ஐ, ஜி, ஓ வரிசைகளிலும் அப்படியே. என் வரிசையில் நான்கே எண்கள் என்பதால் விதங்கள் 1,365-தான், அங்கே மட்டும் 33 ஜோடி. மொத்தம் 90-க்கும் மேல். அத்தனை ஜோடிகளும் ஏதோ ஒரு நெடுவரிசையில் இரட்டைப் பிள்ளைகள். அந்த நெடுவரிசைதான் முதலில் நிரம்புகிறது என்றால் இருவரும் ஒன்றாகத்தான் எழுவார்கள்.

கிடைவரிசைகளில் இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு நெடுவரிசையிலிருந்தும் ஓர் எண் வருவதால் ஐந்து எண் கிடைவரிசைக்கு 7,59,375 விதங்கள். நடுக் கிடைவரிசையும் இரண்டு மூலைவிட்டங்களும் இலவசக் கட்டம் வழியாகப் போவதால் நான்கு எண்களே உள்ளவை, அவற்றுக்கு 50,625 விதங்கள்.

ஆக, எந்த இரண்டு அட்டைக்கும் எந்த நெடுவரிசையும் பொதுவாக இருக்கக் கூடாது என்று கேட்டால் 1,365 அட்டைக்கு மேல் உலகத்தில் யாராலும் போட முடியாது. என் வரிசைக்கு அவ்வளவுதான் விதங்கள். 6,000 என்றால் பி வரிசையே ஏறத்தாழ இரண்டு சுற்று தீர்ந்துபோகும். லெஃப்ளர் இந்த அளவுக்குக் கறாராக இருந்திருக்க முடியாது. ஆனால் எந்த அளவில் நின்றிருந்தாலும், ஒவ்வொரு புது அட்டையையும் முந்தைய அட்டைகள் எல்லாவற்றோடும் கையால் ஒத்துப் பார்க்க வேண்டும். 5,000 தாண்டிய பிறகு கூலி ஏறியதில் ஆச்சரியம் இல்லை.

மேலே கொடுத்த `while` சுற்றில் இந்தக் கறாரான விதியைச் சேர்த்தால் கணினிக்கும் அதே மூச்சுத்திணறல் வரும். தொடக்கத்தில் எல்லா அட்டையும் தேறும். 1,000 அட்டை ஆனபின் பத்தொன்பதில் ஒன்றுதான் தேறும். 1,300-க்கு அப்புறம் இருநூறில் ஒன்று. 1,365 வரை எப்படியோ வந்துவிடும். 1,366 கேட்டிருந்தால் நிரல் நிற்கவே நிற்காது, இல்லாத அட்டையைத் தேடிக்கொண்டே சுற்றும். பிழைச் செய்தி ஒன்றும் வராது, மின்விசிறிச் சத்தம் மட்டும் கூடும். தேடித் தள்ளுவதை விட்டுவிட்டு, சாத்தியமான நெடுவரிசைகள் எல்லாவற்றையும் முதலிலேயே எழுதிக் கலைத்து, சீட்டுக்கட்டைப் பங்கிடுவதுபோல வரிசையாகக் கொடுப்பது மேல்.

```python
from itertools import combinations

def deck(lo, hi, k):
    d = list(combinations(range(lo, hi + 1), k))
    rng.shuffle(d)
    return [rng.sample(c, k) for c in d]
```

பி-க்கு `deck(1, 15, 5)`, என்-க்கு `deck(31, 45, 4)` என்று ஐந்து கட்டுகள் செய்து `zip` கட்டளையால் சேர்த்தால், சிறிய கட்டு தீர்ந்ததும், அதாவது 1,365-ல், தானாக நின்றுவிடும். என் வரிசைக்கு நடுவில் 0 சேர்க்க மறக்கக் கூடாது.

கடைசி வரியில் ஒவ்வொரு நெடுவரிசையையும் மறுபடி கலைக்கிறேன். அதை விட்டால் எண்கள் ஏறுவரிசையில் அமைந்துவிடும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். தம்போலா சீட்டில் அப்படித்தான் அச்சடிக்கிறார்கள், அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கேயும் அடுக்கிவிடக் கை துறுதுறுக்கும். ஆனால் 75 எண் அட்டையில் அது பெரிய கேடு. 15-க்கு ஐந்து எடுக்கும்போது 1 சேர்ந்திருக்க வாய்ப்பு மூன்றில் ஒன்று. ஏறுவரிசையில் அடுக்கினால் அந்த 1 எப்போதும் உச்சியில்தான். `make_card` எடுத்த ஐந்தைந்து எண்களையும் அடுக்கிவிட்டு நடுக் கட்டத்தை நீக்கினால், மேல் கிடைவரிசை 1, 16, 31, 46, 61 என்று அமைய வாய்ப்பு 243-ல் ஒன்று. கலைத்த அட்டையில் அதே வாய்ப்பு 7,59,375-ல் ஒன்று. நம் 300 பேர் மண்டபத்தில் கலைத்த அட்டைகள் என்றால் மேல் கிடைவரிசை ஒன்றாக இருக்கிற ஜோடி பெரும்பாலும் ஒன்றுகூட இராது. அடுக்கிய அட்டைகள் என்றால் ஏறத்தாழ 20 ஜோடி. கீழ்க் கிடைவரிசையில் இன்னொரு 20. சாவிச் சோதனை இதைக் கண்டுகொள்ளாது, ஏனென்றால் அட்டைகள் எல்லாம் வேறு வேறுதான்.

300 பேர் கூடுகிற விழாவுக்கு நெடுவரிசைக் கறார் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். ஓர் அட்டையில் ஜெயிக்கக்கூடிய வரிசைகள் பன்னிரண்டு. பொது நெடுவரிசை உள்ள ஒரு ஜோடிக்கு அந்த நெடுவரிசையே, அதுவும் மண்டபத்தில் எல்லாருக்கும் முன்னால், நிரம்ப வேண்டுமே. அதோடு, எந்தப் பொது வரிசையும் இல்லாத இரண்டு அட்டைகள்கூட ஒரே எண்ணுக்காகக் காத்திருக்கலாம். ஒருவருக்கு ஓ 68 கிடைவரிசையை முடிக்கும், இன்னொருவருக்கு மூலைவிட்டத்தை. அந்த மாதிரி இரட்டை வெற்றியை எந்த நிரலும் தடுக்காது, பரிசைப் பங்கிட்டுக் கொடுக்கிற விதி ஒன்றைத்தான் முன்கூட்டி அறிவிக்க வேண்டும். அடுக்காத அட்டை, முழு அட்டைக்கான சாவி, இரண்டும் இருந்தால் மண்டபத்துக்குப் போதும்.

`seen` பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அது நிரல் ஓடும்வரைதான் உயிரோடிருக்கும். இன்று 300 அட்டை, நாளை டிக்கெட் கூடுதலாக விற்றதால் இன்னும் 100 என்றால், இரண்டாவது ஓட்டத்துக்கு முதல் 300-ஐப் பற்றி ஒன்றும் தெரியாது. நல்ல தற்செயல் எண்ணாக இருந்தால் மோதல் வராது என்றாலும், அதையே நம்பியிருக்க வேண்டியதில்லை. சோதித்துப் பார்ப்பதற்காக யாரோ `random.seed(42)` என்று நிலையான விதை ஒன்றை எழுதி, எடுக்க மறந்திருந்தால், இரண்டாவது ஓட்டத்தின் 100 அட்டையும் முதல் ஓட்டத்தின் முதல் நூறாகவே வரும். `SystemRandom` விதையைப் பொருட்படுத்தாது, சாதாரண `random` பொருட்படுத்தும். போட்ட அட்டைகளை வரிசை எண்ணோடு ஒரு கோப்பில் எழுதிவைத்து, அடுத்த முறை அதைப் படித்து `seen`-ஐ நிரப்பிவிட்டுத் தொடங்குவது நான்கு வரி வேலை.

அந்த வரிசை எண்ணை அட்டையின் இலவசக் கட்டத்திலேயே அச்சடித்துவிடலாம். யாராவது எழுந்து ஜெயித்தேன் என்றால் அவர் அட்டை முழுவதையும் வாசித்துச் சரிபார்க்கத் தேவையில்லை. அட்டை எண் 214 என்று தட்டினால் கோப்பிலிருக்கிற எண்களும் இதுவரை கூப்பிட்ட எண்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். நிரல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அச்சு இயந்திரத்தில் காகிதம் சிக்கிக்கொண்டு, அதே பக்கங்களை மறுபடி அச்சடித்து, முதல் பிரதிகளைக் கிழித்துப் போட மறந்தால் 214 என்ற எண்ணோடு இருவர் மேடைக்கு வருவார்கள். விற்கும்போதே வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தால் அந்த இரண்டாவது அட்டை கவுன்டரைத் தாண்டாது.